மூன்று ஊருக்கும் வரத் தயார் என்பதை எப்படி எழுதுவது? பினாங்கிலிருந்து வெளியூர் வேலை தேடுவோருக்கு

பினாங்கில் இருந்துகொண்டு உள்ளூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் ஜோகூர் பாருவிலும் ஒரே சமயத்தில் வேலை தேடுகிறவர்கள் பலர் ரெசூமேயின் அடியில் ஒரு வரி சேர்க்கிறார்கள்: "மலேசியாவில் எங்கு வேண்டுமானாலும் வந்து வேலை செய்யத் தயார்." நல்ல மனத்தோடுதான் எழுதுகிறார்கள். ஆனால் அதைப் படிக்கும் மனிதவள அதிகாரிக்குத் தெரிய வேண்டியவை மூன்றே மூன்று. இவர் எப்போது வருவார், வந்தால் எங்கே தங்குவார், எத்தனை காலம் இருப்பார்? அந்த வரி இவற்றில் ஒன்றுக்கும் பதில் சொல்வதில்லை. இவருக்கு எங்குமே வேலை அமையவில்லை போலிருக்கிறது என்ற எண்ணத்தை மட்டும் விட்டுச் செல்கிறது.

கீழே உள்ள படிகளை விளக்க ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். 28 வயதுப் பெண். வீடு புக்கிட் மெர்தாஜாமில், பெற்றோருடன். பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நான்கு ஆண்டுகளாகத் தரக்கட்டுப்பாட்டு டெக்னீஷியன். அடிப்படைச் சம்பளம் 3,400 ரிங்கிட். திருமணமாகவில்லை. உங்கள் தொழில் வேறாக இருக்கலாம், ஆனால் வேலை தேடும் முறை இதேதான்.

1. முதலில் ஊர்ப் பட்டியலைக் குறையுங்கள்

மூன்று ஊருக்கு மேல் வேண்டாம். ஓர் ஊரைப் பட்டியலில் வைத்திருக்க உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. அந்த ஊரில் உங்கள் தொழில் நடக்கும் இரண்டு வட்டாரங்களின் பெயரைச் சொல்ல முடிகிறதா? அங்கே ஓர் அறைக்கு என்ன வாடகை என்று இந்த வாரம் பார்த்தீர்களா? அங்கே போக உங்கள் தொழில் சார்ந்த ஒரு காரணமாவது இருக்கிறதா? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அந்த ஊரை எடுத்துவிடுங்கள். நேர்முகத் தேர்வில் முதல் ஐந்து நிமிடத்தில் வரப்போவது இந்தக் கேள்விகள்தான்.

நம் எடுத்துக்காட்டுப் பெண் முதலில் ஆறு இடங்களை எழுதியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம்: பினாங்கு, கூலிம், ஷா ஆலம், சைபர்ஜெயா, செனாய், கூச்சிங்.

கூலிம் கெடா மாநிலத்தில் இருந்தாலும் புக்கிட் மெர்தாஜாமில் வீடு இருப்பவருக்கு அது தினமும் போய்வரும் தூரம்தான். அதை "இடம் மாறத் தயார்" என்ற கணக்கில் சேர்த்தால் ஊர் தெரியாதவர் போலத் தோன்றும். கூலிம் தொழிற்சாலைக்கு எழுதும்போது "வீட்டிலிருந்தே வந்துபோவேன், சொந்த வாகனம் உண்டு" என்றால் போதும். ஷா ஆலமும் சைபர்ஜெயாவும் ஒரே பள்ளத்தாக்கில் இருப்பவை. இரண்டையும் ஒரே வரியாக்கலாம், ஆனால் எந்த மூலையில் தங்கப் போகிறீர்கள் என்பதை அந்தந்த விண்ணப்பத்துக்கு ஏற்பச் சொல்ல வேண்டும்.

கூச்சிங்தான் பலர் விழும் குழி. தீபகற்ப மலேசியர்கள் சரவாக்குக்கும் சபாவுக்கும் அடையாள அட்டையோடு போய் வரலாம். ஆனால் அங்கே வேலை செய்ய அந்தந்த மாநிலக் குடிநுழைவுத் துறையின் வேலை அனுமதி வேண்டும், அதற்கு அங்குள்ள முதலாளி ஏற்பாடு செய்ய வேண்டும். "மலேசியாவில் எங்கும்" என்று எழுதுகிறவருக்கு இது தெரியாது என்பதைப் படிப்பவர் உடனே புரிந்துகொள்வார். கிழக்கு மலேசியாவில் உண்மையாகவே வேலை தேடுவதாக இருந்தால் அதற்குத் தனி விண்ணப்பம் எழுதுங்கள். அனுமதி தேவை என்பது தெரியும் என்று அதிலேயே குறிப்பிடுங்கள்.

ஆக, ஆறு இடம் மூன்றாகிவிட்டது: பினாங்கும் சுற்றுவட்டாரமும், கிள்ளான் பள்ளத்தாக்கு, ஜோகூரின் செனாய் பகுதி.

2. ஒவ்வோர் ஊர் முதலாளிக்கும் ஒரு பயம் இருக்கிறது, அதற்குப் பதில் எழுதுங்கள்

இந்தப் படிக்கு ஒரு மாலை முழுவதும் ஒதுக்குங்கள். மற்ற எல்லாப் படிகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. வெளியூர் விண்ணப்பத்தைப் படிக்கிறவர் "இவருக்கு வர விருப்பமா" என்று யோசிப்பதைவிட "இவர் எதனால் போய்விடுவார்" என்றுதான் அதிகம் யோசிக்கிறார். அந்தக் காரணம் ஊருக்கு ஊர் மாறும்.

ஜோகூர் பாருவில் அந்தப் பயத்தின் பெயர் சிங்கப்பூர். வடக்கிலிருந்து வருகிறவர் ஆறு மாதம் இங்கே இருந்து பழகிக்கொண்டு, பிறகு பாலம் கடந்து சிங்கப்பூர் டாலர் சம்பளத்துக்குப் போய்விடுவார் என்று அங்குள்ள நிறுவனங்கள் கவலைப்படுகின்றன. புக்கிட் சாகாருக்கும் உட்லண்ட்ஸுக்கும் இடையே ஆர்டிஎஸ் ரயில் வருவதால் அந்தக் கவலை கூடத்தான் செய்யும். "சிங்கப்பூர் போக மாட்டேன்" என்று சத்தியம் செய்ய வேண்டாம், கேட்காமலே சொன்னால் சந்தேகம்தான் வளரும். தங்கப் போகும் இடமே பதில் சொல்லட்டும். செனாய் தொழிற்சாலைக்கு விண்ணப்பிக்கும்போது "ஸ்கூடாயில் தங்குவேன், அங்கே அக்காள் குடும்பம் இருக்கிறது" என்றால் இவர் வாழ்க்கை இந்தக் கரையில்தான் என்று தெரிந்துவிடும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பயம் செலவைப் பற்றியது. பெற்றோர் வீட்டில் வாடகை இல்லாமல் இருப்பவர் அதே சம்பளம் போதும் என்று ஷா ஆலமுக்கு வந்தால், அறை வாடகை, டோல், சாப்பாடு எல்லாம் போக நான்காம் மாதம் கணக்கு இடிக்கும். பிறகு "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்று ஊருக்குத் திரும்பிவிடுவார். மனிதவளப் பிரிவுகள் இதைப் பலமுறை பார்த்திருக்கின்றன. அதனால், குறைந்த சம்பளம் கேட்டால் வேலை கிடைக்கும் என்று நினைப்பது இங்கே எதிர்மாறாக வேலை செய்யும். ஊரின் செலவைக் கணக்குப் பார்த்துத்தான் கேட்கிறேன் என்பது நீங்கள் எழுதும் தொகையிலேயே தெரிய வேண்டும்.

பினாங்கு முதலாளிகளின் பயம் வேறு வகை. நீங்கள் இந்த ஊர்க்காரர், வெளியூரிலும் தேடுகிறீர்கள். வெளியூர் ஆஃபர் கைக்கு வரும்வரை எங்களை ஊறப்போடுகிறீர்களோ என்று நினைப்பார்கள். உள்ளூர் விண்ணப்பத்தில் இடமாற்றம் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

இப்போது ஒவ்வோர் ஊருக்கும் ஒரே ஒரு காரண வாக்கியம் எழுதுங்கள். தொழில் முன்னால், சொந்தபந்தம் பின்னால். நம் எடுத்துக்காட்டில் இவருடைய தொழிற்சாலை கார்களுக்கான சர்க்கியூட் பலகைகளும் செய்கிறது. பலகையில் பாகங்களைப் பொருத்தும் எஸ்எம்டி லைனில் இவர் வேலை செய்கிறார், கார் துறையின் ஐஏடிஎஃப் 16949 தரமுறையும் இவருக்குப் பழக்கம். ஷா ஆலமில் கார் உற்பத்தியும் உதிரிபாகத் தொழிலும் பலகாலமாக இருக்கின்றன. அதனால் ஷா ஆலமுக்கான வாக்கியம்: "ஐஏடிஎஃப் 16949 தரமுறையில் இரண்டு ஆண்டு வேலை செய்திருக்கிறேன், கார் உதிரிபாகத் துறையிலேயே தொடர விரும்புவதால் ஷா ஆலம் பகுதிக்கு வருகிறேன்." செனாய்க்கு: "எஸ்எம்டி லைனில் நான்கு ஆண்டு அனுபவம், செனாயில் அதே வகைத் தொழிற்சாலைகள் இருப்பதாலும் ஸ்கூடாயில் குடும்பம் இருப்பதாலும் அங்கே குடிபெயர முடிவு செய்துள்ளேன்."

எழுதிய வாக்கியத்தில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஷா ஆலம் இருந்த இடத்தில் ஈப்போ என்று போட்டும் வாக்கியம் கெடாமல் நின்றால் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள். "வளர்ச்சி வாய்ப்புள்ள நகரம்", "புதிய சூழலில் கற்க ஆர்வம்" போன்றவை எல்லா ஊருக்கும் பொருந்தும், எனவே எந்த ஊருக்கும் உதவாது.

3. ரெசூமே: ஊருக்கு ஒரு கோப்பு

மூன்று ஊருக்கு மூன்று கோப்பு. வித்தியாசம் இரண்டே இடங்களில்தான்: பெயருக்குக் கீழே வரும் இட வரி, அதற்கடுத்த சுருக்கப் பத்தி. மற்றவை அப்படியே இருக்கலாம்.

இட வரியில் இப்போது இருக்கும் ஊரை மறைக்காதீர்கள். செனாய்க்குப் போகும் கோப்பில் இப்படி இருக்கட்டும் (ஆங்கிலத்திலோ மலாயிலோ இதே பொருளில்): "புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு. செனாய்–ஸ்கூடாய் பகுதிக்குக் குடிபெயர்கிறேன். ஆஃபருக்குப் பின் 10 வாரத்தில் சேரலாம்." இதில் "தயார்", "சம்மதம்", "பிரச்சினை இல்லை" என்ற சொற்கள் எதுவும் இல்லை. ஊரும் காலமும் மட்டுமே இருக்கின்றன. தயக்கமும் கெஞ்சலும் நுழைய இடமே இருக்காது. பத்து வாரம் எங்கிருந்து வந்தது என்பதை ஆறாம் படியில் பார்ப்போம்.

உறவினர் வீட்டு முகவரியைப் போட்டு உள்ளூர்க்காரர் போலக் காட்டும் வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. செய்யாதீர்கள். "நாளைக் காலை பத்து மணிக்கு வர முடியுமா" என்று அழைப்பு வந்ததும் அது உடைந்துவிடும். பட்டர்வொர்த்திலிருந்து ஜோகூர் பாரு ஏறத்தாழ 700 கிலோமீட்டர். முகவரியில் பொய் சொன்னவர் என்று ஒருமுறை பதிந்துவிட்டால் அனுபவச் சான்றிதழைக்கூடச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். முழு வீட்டு முகவரியும் அடையாள அட்டை எண்ணும் இந்தக் கட்டத்தில் தேவையே இல்லை. ஊரும் மாநிலமும் போதும்.

கோப்பின் பெயரையும் கவனியுங்கள். அனுப்பியவுடன் முதலாளி பார்ப்பது அதைத்தான். `QA_Technician_Resume.pdf` என்று மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்து, ஊர்வாரியாகத் தனித்தனி போல்டரில் வையுங்கள். `Resume_JB_final2.pdf` ஷா ஆலம் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தால் காரண வாக்கியம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. அனுப்பும் முன் பி.டி.எஃப் கோப்பைத் திறந்து இட வரியை ஒருமுறை வாசித்துவிட்டு அனுப்புங்கள்.

4. மின்னஞ்சலில் இடமாற்றம் கடைசிப் பத்தியில் வரட்டும்

முதல் வரியிலேயே "நான் பினாங்கில் இருந்தாலும்…" என்று தொடங்கினால் குறையை முன்வைத்துப் பேச ஆரம்பிக்கிறீர்கள். முதலில் வேலை, உங்கள் அனுபவம். கடைசியில் நான்கு வாக்கியம், அதற்கு மேல் வேண்டாம்:

"ஸ்கூடாயில் குடும்பம் இருப்பதால் இவ்வாண்டு செனாய் பகுதிக்குக் குடிபெயர்கிறேன். என் நோட்டீஸ் காலம் இரண்டு மாதம். ஆஃபரில் கையெழுத்திட்ட 10 வாரத்தில் வேலையில் சேர முடியும். முதல் சுற்று நேர்முகத்தை வீடியோவில் வைத்தால் இந்த வாரமே முடியும், நேரில் என்றால் மூன்று வேலைநாள் முன்னறிவிப்பு போதும்."

கடைசி வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தூரத்திலிருந்து வருகிறவரை நேர்முகத்துக்கு அழைப்பது தலைவலி என்ற எண்ணத்தைத் தீர்ப்பது அதுதான். பட்டர்வொர்த்திலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு இ.டி.எஸ் ரயிலில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். காலை ரயிலில் போய் மதிய நேர்முகத்தை முடித்துக்கொண்டு அன்றே திரும்பலாம். ஜோகூருக்கு அப்படி முடியாது. இரவு பஸ்ஸில் போய் லார்க்கின் பேருந்து நிலையத்தில் இறங்கலாம், அல்லது விமானத்தில் செனாய் போகலாம். எனவே ஜோகூர் நேர்முகத்துக்குக் காலை ஒன்பது மணியை ஒப்புக்கொள்ளாதீர்கள். பஸ் தாமதமானால் முதல் பார்வையிலேயே கெட்ட பெயர். பதினொன்று அல்லது இரண்டு மணி கேளுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

அனுப்பும் முன் இந்தச் சொற்களைத் தேடி அழியுங்கள்: எங்கும், எந்த வேலையானாலும், உடனடியாக, ஒரே ஒரு வாய்ப்பு, குடும்பச் சூழ்நிலை காரணமாக. "உடனடியாக" குறிப்பாக ஆபத்து. வேலையில் இருக்கிற ஒருவர் அப்படி எழுதினால் நோட்டீஸ் கொடுக்காமல் ஓடி வருகிறவர் என்று பொருள்படும். நாளை எங்களிடமிருந்தும் அப்படித்தான் போவார் என்று நினைப்பார்கள்.

5. இணையப் படிவங்கள்

லிங்க்ட்இனில் `Open to work` பகுதியில் பல ஊர்களைக் குறிக்கலாம். அங்கே மூன்றையும் போடுவதில் தவறில்லை, அது ஆள் தேடுகிறவர்களுக்கான வடிகட்டிதான். ஆனால் யார் பார்க்கலாம் என்ற இடத்தில் `Recruiters only` தேர்ந்தெடுங்கள். உங்கள் நிறுவனத்தின் ஆட்களுக்குத் தெரியாமல் மறைக்க லிங்க்ட்இன் முயலும், ஆனால் உத்தரவாதம் தருவதில்லை. சுயவிவரத்தின் தலைப்பு வரியில் ஊர்ப் பட்டியல் வேண்டாம். அங்கே தொழில் மட்டும் இருக்கட்டும்.

ஜாப்ஸ்ட்ரீட்டில் விண்ணப்பிக்கும்போது முதலாளி வைக்கும் கேள்விகளில் நோட்டீஸ் காலமும் எதிர்பார்க்கும் சம்பளமும் அடிக்கடி வரும். ரெசூமேயில் எழுதியதும் இங்கே சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும். ரெசூமேயில் பத்து வாரம், படிவத்தில் ஒரு மாதம் என்றால் இரண்டில் ஒன்று பொய் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

இங்கே பெரிய பொறி ஒன்று இருக்கிறது. ஒரே நிறுவனத்துக்குப் பினாங்கிலும் ஷா ஆலமிலும் ஜோகூரிலும் தொழிற்சாலை இருக்கும். மூன்று விளம்பரம் வரும். மூன்றுக்கும் மூன்று காரணத்தோடு விண்ணப்பிப்பீர்கள். பெரிய நிறுவனங்களில் விண்ணப்பங்கள் எல்லாம் ஒரே மென்பொருளில் சேர்கின்றன. உங்கள் பெயரைத் திறந்தால் மூன்றும் அடுத்தடுத்துத் தெரியும். "ஸ்கூடாயில் குடியேறுகிறேன்" என்பதும் "ஷா ஆலமில் குடியேறுகிறேன்" என்பதும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் உங்கள் மேல் நம்பிக்கை போய்விடும். இப்படிப்பட்ட நிறுவனத்தில் உங்களுக்கு மிகப் பொருந்தும் ஒரு கிளைக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். மின்னஞ்சலில் "இதே பணி உங்கள் ஜோகூர் கிளையிலும் திறந்திருப்பதைப் பார்த்தேன், அங்கே ஆள் தேவைப்பட்டால் அதற்கும் என்னைக் கருதலாம்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஆள்தேடும் ஏஜென்சிகளிடமும் இதே கவனம் வேண்டும். ஒரே ஏஜென்ட் மூன்று ஊருக்கும் ஆள் பார்ப்பார். அவரிடம் மூன்று ஊரையும் உள்ளது உள்ளபடி சொல்லிவிடுங்கள், ஒவ்வொன்றுக்கும் உள்ள காரணத்தோடு.

6. சேரும் தேதியைக் கணக்குப் போட்டு எழுதுங்கள்

உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்து நோட்டீஸ் காலத்தைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் அது எழுதப்படவில்லை என்றால் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு பொருந்தும்: இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு 4 வாரம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 6 வாரம், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 8 வாரம். நம் எடுத்துக்காட்டில் ஒப்பந்தமே இரண்டு மாதம் என்கிறது, ஆகவே அதுதான் கணக்கு.

ஏப்ரல் 6 அன்று ஆஃபரில் கையெழுத்து, மறுநாள் ராஜினாமா. இரண்டு மாதம் என்றால் ஜூன் 6 கடைசி நாள். அறை எடுக்க, பொருள்களைக் கொண்டுபோக ஒரு வாரம். ஜூன் 15 வேலையில் சேரலாம். கையெழுத்திலிருந்து எண்ணினால் சரியாகப் பத்து வாரம். எஞ்சிய ஆண்டு விடுப்பை நோட்டீஸில் கழிக்க உங்கள் நிறுவனம் ஒப்புக்கொண்டால் சில நாள் குறையும், ஆனால் அதை நம்பி முன்கூட்டியே தேதி கொடுக்காதீர்கள். முன்னதாகச் சொல்லித் தாமதமாக வருவதைவிட, பத்து வாரம் என்று சொல்லி ஒன்பதாம் வாரத்தில் வருவது நல்லது.

"சீக்கிரம் வர முடியாதா" என்று அவர்கள் கேட்டால், மீதி நோட்டீஸுக்கு ஈடாகச் சம்பளத்தைக் கட்டிவிட்டு வரலாம். இவருக்கு ஒரு மாதம் குறைக்க 3,400 ரிங்கிட். அதைப் புது நிறுவனம் ஏற்குமா என்று மரியாதையாகக் கேட்கலாம். சில நிறுவனங்கள் ஏற்கின்றன. கையிலிருந்து கட்டுகிறேன் என்று நீங்களாக முந்திக்கொள்ள வேண்டாம்.

பயிற்சிக்காகக் கையெழுத்திட்ட பாண்ட் ஏதும் நடப்பில் இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். ஆஃபர் வந்தபின் அது தெரியவந்தால் தேதி, பணம் இரண்டும் குழம்பிவிடும்.

7. இடம் மாறும் செலவு, கேட்க வேண்டிய நேரம்

இந்தக் கணக்கு உங்களுக்காக. விண்ணப்பத்தில் எழுதுவதற்கு அல்ல. ஸ்கூடாயில் அக்காள் வீட்டிலேயே நிரந்தரமாக இருக்க முடியாது என்று வைத்துக்கொண்டு, 550 ரிங்கிட் வாடகையில் ஓர் அறை பார்ப்போம். வழக்கமான இரண்டு மாத டெபாசிட் 1,100, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாத டெபாசிட் 275, முதல் மாத வாடகை 550. சாவி கைக்கு வருமுன் 1,925 ரிங்கிட். பயணம், பொருள் கொண்டுபோவது எல்லாம் சேர்த்து 400 என்று வையுங்கள். முதல் சம்பளம் வரும்வரை சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் 1,200. மொத்தம் 3,525. இவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்கும் சற்று மேல். தனி அறைக்கு ஒரு மாத டெபாசிட் மட்டும் கேட்கும் வீட்டுக்காரர்களும் உண்டு, அப்போது தொகை குறையும். இவ்வளவு பணம் கையில் இல்லாமல் வெளியூர் விண்ணப்பம் அனுப்பத் தொடங்காதீர்கள். பணமில்லாதவரின் பதற்றம் நேர்முகத்தில் எப்படியும் வெளிப்படும்.

எதிர்பார்க்கும் சம்பளமும் இங்கிருந்துதான் வரும். பினாங்கில் வாடகை இல்லாத 3,400, ஸ்கூடாயில் மாதம் 550 வாடகையும் வெளிச்சாப்பாடும் சேரும்போது 3,400 ஆக இருக்காது. இவர் உள்ளூரில் 3,800 கேட்டால் செனாயில் 4,200, ஷா ஆலமில் 4,400 என்று கேட்பதற்குக் காரணம் சொல்ல முடியும். "அங்கே வாடகை இவ்வளவு, அதனால்" என்று ஒரு வாக்கியத்தில் விளக்க முடிகிற தொகையைக் கேளுங்கள்.

இடமாற்றப் படி தருவார்களா என்று விண்ணப்பத்திலோ முதல் அழைப்பிலோ கேட்காதீர்கள். "எல்லாச் செலவும் நானே பார்த்துக்கொள்வேன்" என்றும் எழுதாதீர்கள், அது வேலைக்கு ஏங்குகிற குரல். வாய்மொழியாக ஆஃபர் வந்து, கடிதம் வருவதற்கு முன் உள்ள அந்த இரண்டு மூன்று நாள்தான் சரியான நேரம். கிடைத்தால் ஆஃபர் கடிதத்தில் எழுத்தில் வர வேண்டும். எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும், முழுவதுமா அல்லது இருந்த மாதங்களைக் கழித்தா என்பதையும் கேட்டு அறியுங்கள்.

கடிதத்தில் இன்னொரு பிரிவைத் தேடிப் படியுங்கள். "நிறுவனம் தன் தேவைக்கேற்ப எந்தக் கிளைக்கும் ஊழியரை மாற்றலாம்" என்ற வகையில் இருக்கும். ரெசூமேயில் "எங்கும் வருவேன்" என்று எழுதியவர் இதைப் பற்றிப் பேச வாய் திறக்க முடியாது. ஊரைக் குறிப்பிட்டு எழுதியவர், மாற்றினால் எத்தனை வார முன்னறிவிப்பு, செலவு யாருடையது என்று நிதானமாகக் கேட்கலாம்.

8. தொலைபேசியில் வரும் இரண்டு கேள்விகள்

முதல் கேள்வி பெரும்பாலும் மதிய உணவு நேரத்தில், எதிர்பாராமல் வரும்: "நீங்க பினாங்குல இருக்கீங்களே, இங்க வர்றது பரவாயில்லையா?" பலர் "பரவாயில்லைங்க, வந்துடுவேன்" என்று முடித்துவிடுகிறார்கள். உங்கள் பதில் இப்படி இருக்கட்டும்: "ஆமாங்க, ஸ்கூடாய்ல தங்கப் போறேன். அக்கா குடும்பம் அங்கதான். ரெண்டு மாச நோட்டீஸ், ஆஃபர் வந்து பத்து வாரத்துல சேர்ந்துக்கலாம்." இருபது வினாடிதான் ஆகும். அதற்குப் பிறகு நிறுத்திவிடுங்கள். மேலும் மேலும் உறுதி சொல்லிக்கொண்டே போனால் உங்களுக்கே உறுதி இல்லை என்று கேட்கும்.

இரண்டாவது கேள்வி கடினமானது: "வேற எங்கெல்லாம் அப்ளை பண்ணியிருக்கீங்க?" பொய் சொல்ல வேண்டாம். நிறுவனப் பெயர்களையும் சொல்ல வேண்டாம். "இதே எஸ்எம்டி தரக்கட்டுப்பாட்டு வேலைக்குத்தான் பார்க்கிறேன். ஷா ஆலம் பக்கம் ஒன்று பேசிக்கொண்டிருக்கிறேன், அங்கே கார் பலகை வேலை. இங்கே வந்தால் லைன் அனுபவம் நேராகப் பயன்படும், தங்கவும் இடம் இருக்கிறது." ஊர் மாறினாலும் தொழில் மாறவில்லை என்பது கேட்பவருக்குப் புரிய வேண்டும். ஊரும் மாறி வேலையும் மாறி, ஓரிடத்தில் டெக்னீஷியன், இன்னோரிடத்தில் விற்பனை, வேறோரிடத்தில் குமாஸ்தா என்று இருந்தால் எந்த வாக்கியமும் காப்பாற்றாது.

"எந்த ஊர் உங்களுக்கு முதல் விருப்பம்" என்று நேரடியாகக் கேட்டால், உண்மையில் முதலிடம் என்றால் மட்டும் அப்படிச் சொல்லுங்கள். இல்லையென்றால் எதை வைத்து முடிவு செய்வீர்கள் என்று சொல்லுங்கள்: வேலையின் தன்மை முதலில், பிறகு சம்பளத்தில் வாடகை போக மிஞ்சுவது. இதைக் கேட்டு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

9. ஓர் ஊர் முடிவானதும்

ஆஃபர் கடிதத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்ட அன்றே மற்ற ஊர்களுக்கு விலகல் மின்னஞ்சல் அனுப்புங்கள். நேர்முகம் வரை போன நிறுவனங்களுக்கு இரண்டு வாக்கியம் போதும்: "வேறோர் ஊரில் ஆஃபரை ஏற்றுக்கொண்டதால் என் விண்ணப்பத்தை விலக்கிக்கொள்கிறேன். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி." எந்த நிறுவனம், எவ்வளவு சம்பளம் என்பது வேண்டாம். லிங்க்ட்இன் `Open to work` பகுதியை மூடுங்கள், ஜாப்ஸ்ட்ரீட்டில் ரெசூமே தேடலில் தெரிவதையும் நிறுத்துங்கள். செனாயில் சேரப் போகிறவரின் ரெசூமே ஜூன் மாதத்திலும் ஷா ஆலம் ஏஜென்ட்டின் தேடலில் வந்துகொண்டிருந்தால், அந்தச் செய்தி புது நிறுவனத்தின் காதுக்குப் போக அதிக நாள் ஆகாது.

ராஜினாமாக் கடிதத்தை மட்டும் கையெழுத்தான ஆஃபர் கடிதம் உங்கள் கைக்கு வந்து, அதில் வேலை செய்யும் இடம் நீங்கள் எழுதிய ஊர்தானா என்று பார்த்த பிறகு கொடுங்கள். செனாய் என்று பேசி, கடிதத்தில் பாசிர் கூடாங் என்று வந்தால், ஸ்கூடாய் அறைக்கு டெபாசிட் கட்டுமுன் அதைத் திருத்தச் சொல்ல இன்னும் நேரம் இருக்கும்.